வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா: கிளவுட் ரிலேயா, ரூட்டரில் போர்ட் திறப்பதா?

திருநெல்வேலியில் வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று, அதற்குள் 1 டிபி ஹார்ட் டிஸ்க், உள்ளூர் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த 50 எம்பிபிஎஸ் ஃபைபர். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார், மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். இருவர் போனிலும் வாசலும் கொல்லைப்புறமும் தெரிய வேண்டும்.

கேமரா மாட்ட வருபவர் பெரும்பாலும் டிவிஆர் திரையில் ஒரு கியூஆர் கோடை வரவழைத்து, போனில் ஆப் போட்டு ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுப் போவார். அது கிளவுட் வழி. இந்த வேலையில் பல வருடம் இருப்பவர்களில் சிலர் ரூட்டர் பக்கத்துக்குள் நுழைந்து, போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாசல் ஒன்றைத் திறந்து, ஐபி முகவரியைப் போனில் அடித்துக் கொடுப்பார்கள். படம் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வீட்டு நெட்வொர்க்குக்குள் யார் நுழைய முடியும், எது எப்போது நின்றுபோகும், நின்றால் எங்கே தேட வேண்டும் என்பதில் இரண்டும் வெவ்வேறு.

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்

டிவிஆருக்கு வீட்டுக்குள் 192.168.1.50 என்பது போன்ற ஒரு முகவரி இருக்கும். வீட்டுச் சுவரைத் தாண்டி அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. தெருவில் பாதி வீட்டில் இதே எண் இருக்கும். இணையத்துக்குத் தெரிவது ரூட்டரின் வெளி முகவரி ஒன்றுதான். உள்ளிருந்து யாராவது வெளியே பேசினால் ரூட்டர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், பதில் வரும்போது கேட்டவரிடம் சேர்த்துவிடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் எதையும் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தள்ளிவிடும். போனில் படம் பார்க்க நினைப்பவருக்கு இது தடை. அதே நேரம் வீட்டுக்கு இருக்கும் முதல் பாதுகாப்பும் இதுதான்.

கிளவுட் வழியில் இந்தத் தடையை உடைக்க வேண்டியதில்லை. டிவிஆர் உள்ளிருந்து தானாகவே கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, அந்தத் தொடர்பை அறுந்துபோகாமல் பிடித்து வைத்திருக்கும். போனில் ஆப்பைத் திறந்தால் போனும் அதே சர்வரைக் கூப்பிடும். இருவரும் வெளியே போய் நடுவில் சந்திக்கிறார்கள், வீட்டுக்குள் யாரும் நுழைவதில்லை. போர்ட் திறக்கும் வழியில் நடப்பது நேரெதிர். 'இந்த எண் போர்ட்டுக்கு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் 192.168.1.50-க்கு அனுப்பிவிடு' என்று ரூட்டருக்குச் சொல்லி வைக்கிறோம். 'யார் வந்தாலும்' என்பதில் மகனும் மகளும் மட்டுமல்ல, உலகத்தில் உள்ள எல்லாரும் அடக்கம். கீழே வரும் ஒவ்வொரு வேறுபாடும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கிளவுட் வழியில் படம் வரும் பாதை

கிளவுட் என்றதும் படம் எல்லாம் கம்பெனி சர்வரில் சேமிக்கப்படுகிறது என்று நினைத்துவிடுகிறோம். தனியாகப் பணம் கட்டிக் கிளவுட் சேமிப்பு வாங்கினால் ஒழிய, சாதாரண டிவிஆரில் அப்படி இல்லை. பதிவு வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால் நான்குக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிபி, 1 டிபி டிஸ்கில் 11 நாள் பதிவு நிற்கும். திருடன் டிவிஆரையே தூக்கிக்கொண்டு போனால் கிளவுட் ஆப்பில் பழைய காட்சி எதுவும் கிடைக்காது. டிவிஆரைப் பூட்டிய அலமாரியில், காற்று போகிற மாதிரி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆப்பைத் திறந்ததும் சர்வர் முதலில் போனையும் டிவிஆரையும் நேரடியாகச் சேர்த்துவைக்கப் பார்க்கும். இருவருக்கும் மற்றவரின் வெளி முகவரியைச் சொல்லும். இருவரும் ஒரே நேரத்தில் அந்த முகவரிக்குப் பாக்கெட் அனுப்புவார்கள். உள்ளிருந்து யாரோ பேசிவிட்டார், இது அதற்கான பதில் என்று இரு பக்க ரூட்டரும் வழிவிடும். அதன் பிறகு படம் சர்வரைத் தொடாமல் நேராகப் போகும். டிவிஆர் மெனுவில் P2P என்று இருப்பது இதைத்தான் குறிக்கிறது.

எப்போதும் இது பலிக்காது. மொபைல் டேட்டா தரும் சில நிறுவனங்களின் நெட்வொர்க், பேசும் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு போர்ட் எண்ணைக் கொடுக்கும். சர்வர் பார்த்த எண் ஒன்று, டிவிஆரோடு பேசப் போகும்போது கிடைக்கும் எண் வேறொன்று. அதனால் நேரடி இணைப்பு அமையாது. அப்போது சர்வரே நடுவில் நின்று, டிவிஆரிடம் படத்தை வாங்கிப் போனுக்குக் கொடுக்கும். ரிலே என்பது இதுதான். ஒரே ஆப், ஒரே டிவிஆர், அலுவலக வைஃபையில் உடனே திறக்கிறது, மொபைல் டேட்டாவில் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிலேயை. ரிலேக்கு ஆகும் செலவு கம்பெனியுடையது என்பதால் வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். சில ஆப்கள் சில நிமிடத்துக்கு மேல் நேரலையை நிறுத்தி, தொடர வேண்டுமா என்று கேட்பதும் இதனால்தான்.

ரிலேயில் முழுத் தெளிவுள்ள மெயின் ஸ்ட்ரீமைப் பார்க்க முயன்றால் படம் திக்கும். ஆப்பில் தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுங்கள். சில ஆப்களில் அது SD, Basic, Fluent போன்ற பெயரில் இருக்கும். டிவிஆரில் சப் ஸ்ட்ரீமை 512 கேபிபிஎஸ் அளவில் வைத்தால் யார் வந்திருக்கிறார் என்று பார்க்கப் போதும். ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 230 எம்பி செலவாகும். 2 எம்பிபிஎஸ் மெயின் ஸ்ட்ரீம் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி. நான்கு கட்டத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் நாலு மடங்கு என்பதை டேட்டா பேக் போடும்போது மறந்துவிடக் கூடாது.

கிளவுட் வழியில் அடிக்கடி வரும் கோளாறு, ஆப்பில் டிவிஆர் 'Offline' என்று காட்டுவது. வீட்டில் இணையம் நன்றாக இருக்கும், டிவியில் யூடியூப் ஓடும், டிவிஆர் மட்டும் ஆஃப்லைன். பெரும்பாலும் காரணம் டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் இருக்கும். டிவிஆருக்குக் கையால் ஐபி போட்டவர் கேட்வே அல்லது டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். டிஎன்எஸ் இல்லாமல் கம்பெனி சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற டிவிஆரால் முடியாது. கேட்வேயில் ரூட்டரின் முகவரியை, உதாரணமாக 192.168.1.1 என்று போட்டு, டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 போட்டுச் சேமித்தால் ஓரிரு நிமிடத்தில் P2P பக்கத்தில் 'Online' என்று மாறும். ரூட்டரை மாற்றிய பிறகு இந்தக் கோளாறு வந்தால், புது ரூட்டர் 192.168.0.1 என்று வேறு வரிசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிவிஆர் பழைய வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது: அந்த டிவிஆர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது? ஹிக்விஷனின் Hik-Connect போன்ற சேவைகளில் ஒரு டிவிஆரின் சீரியல் எண்ணை ஒரு கணக்கில்தான் சேர்க்க முடியும். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து பகிர வேண்டும். அவசரத்தில் மாட்ட வந்தவர் தன் கணக்கிலேயே சேர்த்து, அங்கிருந்து உங்களுக்குப் பகிர்ந்துவிட்டுப் போவதுண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டுக் கூடம் அவர் போனிலும் தெரிந்துகொண்டிருக்கும். புதிதாகச் சேர்க்கும்போது 'வேறு கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது' என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் எண்ணில் கணக்குத் தொடங்கி, நீங்களே ஸ்கேன் செய்து, பிறகு டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இதை அவர் வீட்டில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

போர்ட் திறப்பதற்கு முன் ஒரு சோதனை

போர்ட் திறக்கலாமா என்று யோசிப்பதற்கு முன், உங்கள் இணைப்பில் அது நடக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ரூட்டரோடு நாள் முழுக்கப் போராடியவர்கள் நிறைய.

வீட்டு வைஃபையில் இருந்தபடி ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, Status பகுதியில் WAN IP என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் what is my ip என்று தேடி, வெளியுலகம் பார்க்கும் முகவரியையும் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பப்ளிக் ஐபி இருக்கிறது. வேறாக இருந்தால் WAN IP எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைப்பு தருபவர் பல வீடுகளை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. இதற்குச் சிஜிநாட் என்று பெயர். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து வருவது, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் இணைப்பு தருபவரின் நாட் கருவியோடு நின்றுவிடும், அங்கே போர்ட் திறக்க உங்களால் முடியாது.

WAN IP 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரூட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறது: ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி மாட்டிய வைஃபை ரூட்டர் ஒன்று. ஃபைபர் பெட்டியை, ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொன்னால் இது சரியாகலாம். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இணைப்பு தருபவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருநெல்வேலி வீட்டில் ரூட்டர் 100.72 என்று தொடங்கும் முகவரியைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள்காரரின் இணைப்புகளில் இது வழக்கமான நிலை. அந்த வீட்டில் போர்ட் திறப்பது என்பது, வருடக் கட்டணம் கட்டி, மாறாத பப்ளிக் முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்கினால் மட்டுமே ஒரு தேர்வு. நேற்று வரை வேலை செய்த போர்ட் இன்று திடீரென்று செத்துப்போனால் அதற்கும் அடிக்கடி காரணம் இதுதான்: இணைப்பு தருபவர் உங்களைச் சொல்லாமல் சிஜிநாட்டுக்கு மாற்றியிருப்பார். டிவிஆரைக் கழற்றுவதற்கு முன் WAN IP-ஐப் பாருங்கள்.

பப்ளிக் ஐபி இருந்தால் போர்ட் திறக்கும் முறை

முதலில் டிவிஆரின் உள்முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டர் 100 முதல் 200 வரையிலான எண்களைத் தானாக மற்ற கருவிகளுக்குக் கொடுக்கிறது என்றால், அதற்கு வெளியே 192.168.1.50 என்று டிவிஆரில் கையால் போடலாம். இல்லையென்றால் ரூட்டரிலேயே, அந்தக் கருவிக்கே உரிய எண்ணான டிவிஆரின் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை ஒதுக்கி வைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு டிவிஆர் வேறு எண்ணை வாங்கிக்கொள்ளும், திறந்த போர்ட் யாரும் இல்லாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

அடுத்து ரூட்டரில் Port Forwarding அல்லது Virtual Server என்ற பக்கம். டாஹுவா வகை டிவிஆருக்கு டிசிபி 37777, ஹிக்விஷனுக்கு டிசிபி 8000 என்பது வழக்கமான இயல்பு எண். ஆப்பில் படம் பார்க்க அந்த ஒன்று போதும். 80-ஐயும் சேர்த்துத் திறந்தால் டிவிஆரின் லாகின் பக்கமே இணையத்துக்குத் தெரியும், அதற்குத் தேவையே இல்லை. DMZ என்ற வசதியில் டிவிஆரின் எண்ணைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது டிவிஆரின் எல்லாப் போர்ட்டையும் ஒரேயடியாக வெளியே காட்டிவிடும்.

சோதிக்கும்போது போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வெளிமுகவரியைக் கூப்பிட்டால் சில ரூட்டர்கள் திருப்பிவிடாது. வேலை செய்வதைக்கூட வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். லேப்டாப்பைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, விண்டோஸ் பவர்ஷெல்லில் உங்கள் வெளிமுகவரியைப் போட்டு இப்படியும் பார்க்கலாம்:

```
Test-NetConnection 203.0.113.25 -Port 37777
```

TcpTestSucceeded என்பதற்கு எதிரே True வந்தால் வழி திறந்திருக்கிறது. வழி திறந்தும் ஆப் உள்ளே விடவில்லை என்றால் பெயர், பாஸ்வேர்டைப் பாருங்கள். False என்றால் ஃபார்வர்டிங் விதியில் உள்ள எண்ணும் டிவிஆரின் எண்ணும் பொருந்துகிறதா, டிவிஆரில் கேட்வே சரியா என்று பாருங்கள். கேட்வே தவறாக இருந்தால் கேள்வி டிவிஆருக்கு வந்து சேரும், பதில் வீட்டை விட்டு வெளியே போகாது.

கடைசியாக, பப்ளிக் ஐபியும் ரூட்டர் அணைந்து எழும்போது மாறக்கூடியது. ஸ்டாட்டிக் இல்லையென்றால் ரூட்டரில் டிடிஎன்எஸ் அமைத்து, மாறும் எண்ணுக்குப் பதில் ஒரு பெயரைப் போனில் போட வேண்டும்.

இத்தனையும் அமைந்துவிட்டால் இந்த வழிக்கு உண்மையான நன்மைகள் உண்டு. படம் நேராக வரும், நடுவில் வேறு கம்பெனி இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. இரவு இரண்டு மணிக்கு நடந்ததைத் தேடிப் பதிவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும்போது ரிலேயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கம்பெனி சர்வரை மூடிவிட்டாலும் உங்கள் படம் நிற்காது. டிவிஆரின் விலையைக் கூட்டாமல் இவ்வளவும் கிடைக்கிறது. ஆனாலும் டிவிஆரின் போர்ட்டை நேரடியாகத் திறப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

போர்ட்டின் மறுபக்கம்

திறந்த போர்ட்டை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ZMap என்ற கருவி, ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று, ஒரே கணினியிலிருந்து, ஒரு கிகாபிட் இணைப்பில் 45 நிமிடத்துக்குள் பார்த்து முடித்தது. ஷோடான் போன்ற தேடுதளங்கள் இப்படிக் கிடைத்தவற்றைப் பட்டியலிட்டே வைத்திருக்கின்றன. 37777-ஐ 45123 என்று மாற்றி வைப்பது சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், மறைத்துவிடாது.

கடினமான பாஸ்வேர்ட் போட்டால் போதாதா? பாதிக்குத்தான் போதும். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், டெல்நெட் என்ற பழைய தொலைக்கட்டளை வழி திறந்திருந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் 60 சொச்சம் இயல்புப் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை முயன்று நுழைந்தது. அப்படிச் சேர்ந்த கருவிகளைக் கொண்டுதான் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையைத் தாக்கி, ட்விட்டர் உள்படப் பல தளங்களை முடக்கினார்கள். அதற்குப் பாஸ்வேர்டை மாற்றுவது பதிலாக இருந்தது. ஆனால் ஹிக்விஷனில் CVE-2021-36260, டாஹுவாவில் CVE-2021-33044 என்று 2021-இல் வெளியான ஓட்டைகள் வேறு வகை. முதலாவதில் பாஸ்வேர்டே கேட்காமல் கருவிக்குக் கட்டளை கொடுக்க முடிந்தது. இரண்டாவதில் லாகின் சோதனையையே தாண்ட முடிந்தது. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கதவுச் சட்டமே பெயர்ந்து வந்தால் என்ன செய்வது? கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் இவை அடைபடும். நம் ஊர் வீடுகளில் மாட்டிய அன்றைக்குப் பிறகு டிவிஆரின் ஃபர்ம்வேரை யாரும் தொடுவதில்லை. பெயரில்லாப் பெட்டிகளுக்குப் புது ஃபர்ம்வேர் வருவதும் அரிது.

டிவிஆருக்குள் நுழைந்தவர் படம் பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. அந்த டிவிஆர் அப்பாவின் லேப்டாப் இருக்கும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது.

கிளவுட் வழி மாசற்றது என்று சொல்ல வரவில்லை. 2019-இல் iLnkP2P என்ற பொது மென்பொருளைப் பயன்படுத்திய மலிவு விலைக் கேமராக்களில் ஒரு குறை வெளியானது. கருவியின் அடையாள எண்ணை ஊகித்துவிட முடிந்தது. அந்த எண் கிடைத்தால், சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தாலும் சர்வரே உங்களை அந்தக் கேமராவுடன் சேர்த்துவைக்கும். பாதிக்கப்பட்டவை 20 லட்சத்துக்கும் மேல். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவை தடைபட்டு மீண்டபோது, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் கேமராவின் சிறுபடங்கள் தெரிந்தன. வீட்டுக்காரர்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

எனவே கேள்வி, எந்தப் பக்கத்து ஆபத்தை உங்களால் கவனித்துக்கொள்ள முடியும் என்பது. போர்ட் திறந்தால் ஓட்டை வெளியாகும் ஒவ்வொரு முறையும் நீங்களே அடைக்க வேண்டும். கிளவுட்டில் சர்வர் பக்கத்து ஓட்டையைக் கம்பெனி அடைக்கும், ஆனால் அந்தக் கம்பெனியை நம்ப வேண்டும். அதனால்தான் கிளவுட் வழியில் போகிறவர்கள் பெயர் தெரியாத பெட்டியில் 500 ரூபாய் மிச்சம் பிடிப்பதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாவது வழி, கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு

நடுவில் கேமரா கம்பெனியும் வேண்டாம், டிவிஆரின் போர்ட்டும் திறக்க வேண்டாம் என்றால், போனை வீட்டு நெட்வொர்க்கோடு பூட்டிய பாதையில் இணைக்கும் விபிஎன் இருக்கிறது. பப்ளிக் ஐபி உள்ளவர் ரூட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் வசதி இருந்தால் அதற்கான யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் திறக்கலாம். வழக்கமாக அது 51820. சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே அனுப்பாது. தேடுபவருக்கு அங்கே ஒரு போர்ட் இருப்பதே தெரியாது.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் திருநெல்வேலி வீட்டுக்கு டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை பொருந்தும். இதுவும் கிளவுட் ஆப் போலவே உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திக்கும் முறைதான், நேரடி இணைப்பு அமையாவிட்டால் ரிலேயில் போகும். ஆனால் சாவி உங்கள் கருவிகளிடமே இருப்பதால் ரிலே செய்பவரால் படத்தைப் பார்க்க முடியாது. வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும். அதில் டெயில்ஸ்கேலை நிறுவிய பிறகு:

```
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
sudo tailscale up --advertise-routes=192.168.1.50/32
```

கடைசி வரியில் வீட்டு நெட்வொர்க் முழுவதையும் அல்லாமல் டிவிஆர் ஒன்றை மட்டும் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். பிறகு டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்த ரூட்டை அனுமதிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'இணைந்திருக்கிறது, படம் வரவில்லை' என்று தேடுபவர்கள் அதிகம். மகன், மகள் போனில் டெயில்ஸ்கேலை நிறுவி, கேமரா ஆப்பில் டிவிஆரை ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் முறையில் 192.168.1.50 என்று போட்டால் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது போலவே வரும்.

அதே நிர்வாகப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பைக்கு Disable key expiry கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் 180 நாளில் சாவி காலாவதியாகும். சிங்கப்பூரில் இருப்பவர் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லி அதைச் சரிசெய்வது எளிதல்ல. விபிஎன் வழியின் உண்மையான குறை இதுதான்: வீட்டில் அதைத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

அந்த வீட்டுக்கு எது?

WAN IP 100.72 என்று தொடங்குகிறது. வீட்டில் இருப்பது அப்பா, அம்மா. பார்ப்பது ஒரு நாளைக்கு நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். இதற்கு ஸ்டாட்டிக் ஐபி வாங்கிப் போர்ட் திறப்பது பணத்தைக் கொடுத்து ஆபத்தை வாங்குவது. தெரிந்த நிறுவனத்தின் டிவிஆர், அதன் சொந்தக் கிளவுட், மகன் பெயரில் கணக்கு, மகளுக்குப் பகிர்வு என்பது சரி. டிவிஆரில் அட்மின் அல்லாமல், பார்க்க மட்டும் அனுமதி உள்ள இன்னொரு பயனரை உருவாக்கி, ஆப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அதைக் கொடுங்கள். ஸ்ட்ரீம் என்க்ரிப்ஷன் வசதி இருந்தால் இயக்குங்கள். படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா வேண்டாம். எந்த வழியில் போனாலும் இது மாறாது.

மகனுக்கு லினக்ஸ் தெரியும், ஊருக்கு மாதம் ஒருமுறை வருகிறார் என்றால் டெயில்ஸ்கேலுக்குப் போகலாம். சரியாக ஓடுகிறது என்று ஒரு மாதம் பார்த்த பிறகு டிவிஆரின் P2P-ஐ அணைத்துவிடலாம். ஒரு சிறு கடை, பப்ளிக் ஐபி ஏற்கெனவே இருக்கிறது, நாள் முழுக்க நான்கு கேமராவையும் வெளியிலிருந்து முழுத் தெளிவில் பார்த்தாக வேண்டும் என்றால் ரிலே தாங்காது. அங்கே வயர்கார்ட் சரி. டிவிஆரின் போர்ட்டை நேராகத் திறந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை, எந்த முகவரியிலிருந்து வரலாம் என்று ரூட்டரில் கட்டுப்படுத்த முடிந்து, பார்ப்பவருக்கும் மாறாத ஐபி இருக்கும்போது மட்டுமே ஒப்புக்கொள்ளத்தக்கது. தலைமை அலுவலகத்திலிருந்து கிளையைப் பார்ப்பது அப்படிப்பட்ட ஒன்று.

ஏற்கெனவே போர்ட் திறந்து வைத்திருந்து இப்போது கிளவுட்டுக்கு மாறுகிறவர்கள், ரூட்டரின் ஃபார்வர்டிங் பக்கத்தில் பழைய விதியை அழிக்க மறந்துவிடுகிறார்கள். படம் வருவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அழித்த பிறகு, கருவிகள் தாமாகவே ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் UPnP பக்கத்தையும் திறந்து பாருங்கள். நீங்கள் அழித்ததை டிவிஆர் அதன் வழியாகத் தானே மறுபடி திறந்து வைத்திருக்கக்கூடும். ரூட்டரிலும் டிவிஆரிலும் UPnP-ஐ அணைத்து, இரண்டையும் ஒருமுறை அணைத்து எழுப்பி, ஹாட்ஸ்பாட்டிலிருந்து அதே Test-NetConnection கட்டளையை ஓட்டுங்கள். இந்த முறை False வர வேண்டும்.